மஞ்சள் மூடியும் வைக்கோல் நிறமும்: ஓர் ஆய்வகப் படம் உருவாகும் விதம்

டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் பணிபுரியும் நோய்க்குறியியல் ஆய்வகத்திற்காகத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்தபோது, முகப்பில் இடுவதற்கு முதலில் வந்த படத்தில் ஊதா மூடியிட்ட குழாய்களில் பளிச்சென்ற நீலத் திரவம் நிறைந்திருந்தது. அச்சுக்கு முன் அதைப் பார்த்த மூதாட்டி ஒருவர், "தம்பி, எங்க இரத்தத்துல எதைக் கலக்குறீங்க, இவ்வளவு நீலமா இருக்கே?" என்று கவலையோடு கேட்டார். சிவப்பு நிறம் அச்சுறுத்தும் என்று எண்ணி நீலத்தை இட்டவருக்கு, இல்லாத ஒன்றைக் காட்டுவதே அச்சத்தை உண்டாக்கும் என்பது தெரியவில்லை. இரத்தம் உள்ள எந்தக் குழாயிலும் நீலத் திரவம் இருப்பதில்லை.

சிவப்பை மறைக்காமலேயே கண்ணுக்கு இதமான படத்தை எடுக்க முடியும். அதற்கான பொருள் ஆய்வகத்தின் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. அது, சுழற்றி முடித்த மஞ்சள் மூடிக் குழாய். அதன் அடியில் ஒரு ஜெல் வைக்கப்பட்டிருக்கும். இரத்தம் எடுத்தபின் குழாயைச் சில முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, ஏறத்தாழ 30 நிமிடங்கள் உறையவிட்டு, பிறகு மையவிலக்கியில் சுமார் 10 நிமிடங்கள் சுழற்றுவோம். அடர்த்தி மிகுந்த அணுக்களும் உறைகட்டியும் கீழே இறங்க, இரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதியான இலேசான சீரம் மேலே வருகிறது. ஜெல்லின் அடர்த்தி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது என்பதால், சுழற்சியின் விசையில் அது இளகி மேலேறி, நடுவில் வந்து நின்று, சுழற்சி ஓய்ந்ததும் மீண்டும் இறுகித் தடுப்புச் சுவராகிறது.

இந்தக் குழாய்களைச் சாதாரணத் தாங்கியில் வரிசையாக நிறுத்தி, கேமராவைச் சற்றே உயர்த்திப் பிடித்தால், கீழ்ப்பாதியில் உள்ள சிவப்பைத் தாங்கியே மறைத்துவிடும். மேலே தெளிந்த வைக்கோல் நிறச் சீரம் மட்டும் தெரியும். ஒன்றையும் மாற்றாமலே படம் அமைதியாகிவிடுகிறது. ஊதா மூடிக் குழாயை இந்த வரிசையில் வைக்கக்கூடாது. அதில் உறையாமல் தடுக்கும் மருந்து உண்டு, ஜெல் இல்லை. முழு இரத்த எண்ணிக்கைக்கு அதைச் சுழற்றாமலேயே பயன்படுத்துகிறோம். ஊதா மூடியின் கீழ் மஞ்சள் சீரமும் ஜெல்லும் தெரியும் படத்தை எங்கள் துறையினர் எவரும் ஒரு நொடியில் பொய் என்று கண்டுகொள்வர்.

நிறத்தில் கவனம் வைப்பது அழகுக்காக மட்டுமன்று, ஏனெனில் சீரத்தின் நிறமே ஒரு தகவல். சிவப்பணுக்கள் உடைந்தால் அது இளஞ்சிவப்பாகும். அணுக்களுக்குள் பொட்டாசியம் சீரத்தைவிட இருபது மடங்குக்கும் மேல் இருப்பதால், அந்த மாதிரியில் பொட்டாசியம் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கொழுப்பு மிகுந்தால் பால்போல் கலங்கும். மஞ்சள் காமாலையில் அடர்மஞ்சளாகும். ஆகவே ஒளியின் நிறச் சாய்வு ஒரு நல்ல மாதிரியை நோயுற்றதாகவே காட்டிவிடக்கூடும். எங்கள் கூரையின் குழல்விளக்குகள் பச்சைச் சாயல் கொண்டவை. அவற்றின் கீழ் எடுத்த முதல் படத்தில் சீரம் பச்சையாகத் தெரிந்தது. அவற்றை அணைத்துவிட்டு, குழாய்களுக்குப் பின்னால் வெள்ளை அட்டையை நிறுத்தி, அதன்மீது பகல்வெளிச்சத்தைப் படவிட்டு, சாம்பல் நிற அட்டையைக் கொண்டு கேமராவின் வெண்மைச் சமநிலையைச் சரிசெய்தோம். நேரடி பிளாஷ் வேண்டவே வேண்டாம்: குழாயின் வளைவில் விழும் வெள்ளைப் பளபளப்பு ஜெல்லின் எல்லைக்கோட்டை மறைத்துவிடும்.

பின்புலத்தில் மையவிலக்கியை வைப்பதாயின், திறந்த மூடியினுள் ஒரே ஒரு குழாய் இருக்கக்கூடாது. எதிர்ப்புறத்தில் அதே எடையுள்ள குழாய் இருந்தால்தான் அது அதிராமல் சுழலும். ஊசியும் கைக்கட்டும் படத்தில் வேண்டாம். நோயாளியின் மாதிரியையும் எடுக்க வேண்டாம்: 2013-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் உண்டு, ஒட்டுச்சீட்டில் உள்ள பெயரும் பட்டைக்குறியும் ஒருவரை அடையாளம் காட்டப் போதுமானவை. எங்கள் ஊழியர்கள் சிலர் தாமே முன்வந்து தந்த இரத்தத்தையும் எழுதாத ஒட்டுச்சீட்டுகளையும் பயன்படுத்தினோம்.

திரையில் சரியாக இருந்த நிறம் அச்சில் மீண்டும் பசுமை தட்டியது. மாதிரி அச்சை ஜன்னலோரம் எடுத்துச் சென்று, உண்மையான குழாய் ஒன்றை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. அச்சகத்தார் நீல மையைச் சற்றுக் குறைத்துத் தந்த இரண்டாம் பிரதியில், தாளிலிருந்த சீரமும் கையிலிருந்த சீரமும் ஒரே வைக்கோல் நிறத்தில் இருந்தன.