அக்ரிமெண்ட் முடிந்தது, ஆள் போகவில்லை: பூட்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இந்த வருஷம் இது மூன்றாவது பூட்டு. கடைக்காரர் காலையில் வந்து பார்த்தால் ஷட்டரில் அவருடைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு புதுப் பூட்டு தொங்குகிறது. போட்டவர் கட்டிட முதலாளி. "அக்ரிமெண்ட் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்க வக்கீலம்மா, இனி அவன் அத்துமீறி உக்காந்திருக்கிறவன்தானுங்களே" என்று அவரே என் ஆபீசில் வந்து சொல்கிறார், கையில் கேரளத்துச் சித்தூர் கோர்ட்டு சம்மனோடு.

அவர் பொள்ளாச்சிக்காரர். கடை எல்லைக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில். பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பதினோரு மாத அக்ரிமெண்ட், வாடகை மாதம் 12,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மார்ச் 31-ல் காலம் முடிந்தது. அதன் பிறகு ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதமும் 12,000 ரூபாய் ஜிபே-யில் வந்தது, இவரும் வாங்கிக்கொண்டார். ஆகஸ்டில் மருமகனுக்குக் கடை வேண்டும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் கேட்கவில்லை. ஆகஸ்ட் 9-ம் தேதி பூட்டு.

இவருடைய முழு நம்பிக்கையும் அக்ரிமெண்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியில்தான்: "காலாவதிக்குப் பின் காலி செய்யாவிட்டால் நாள் ஒன்றுக்கு ரூ.1,000 வீதம் நஷ்டஈடு." பத்திரம் எழுதுபவர் யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டியது. நாளுக்கு ஆயிரம் என்றால் மாதம் முப்பதாயிரம், வாடகையைப் போல இரண்டரை மடங்கு. ஏப்ரல் 1-லிருந்து கணக்குப் போட்டு, அட்வான்ஸை முழுக்கப் பிடித்துக்கொண்டு, மேலும் பாக்கி இருக்கிறது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் நான் பார்ப்பது கட்டிடம் எங்கே இருக்கிறது என்பதை. முதலாளி எந்த ஊர், பத்திரம் எங்கே வாங்கியது என்பதெல்லாம் கணக்கில் வராது. பொள்ளாச்சியில் சொந்தக்காரர் யாரோ தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைச் சொல்லி இவரை ஏற்றிவிட்டிருந்தார், அந்தச் சட்டம் வாளையாரைத் தாண்டி வராது. இங்கே 1965-ம் வருஷத்துக் கேரள கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, அதுவும் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும். அந்தப் பகுதியில் உங்கள் கட்டிடம் இருந்தால் காலம் முடிந்தது என்பது மட்டுமே காலி செய்ய வைக்கக் காரணம் ஆகாது. வாடகை பாக்கி, சொந்தத் தேவை என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றோடு வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம்மவர் கடை அந்த எல்லைக்குள் வரவில்லை. அதனால் 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அப்படியே பொருந்தும்.

இப்போது எனக்கு எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன், இதை இரண்டு தரப்பும் தப்பாகவே பிடித்து வைத்திருக்கிறார்கள். முதலாளி சொல்கிறார், காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று. வாடகைக்காரர் சொல்கிறார், வாடகை வாங்கிவிட்டார் அதனால் இன்னொரு பதினோரு மாதம் தானாக நீண்டுவிட்டது என்று. இரண்டும் இல்லை! சொத்து மாற்றுச் சட்டத்தின் 116-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: காலம் முடிந்தும் வாடகைக்காரர் இருக்கிறார், முதலாளி வாடகையை ஏற்கிறார் அல்லது வேறு விதத்தில் சம்மதம் காட்டுகிறார் என்றால், மாறாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், கடை வீடு போன்றவற்றுக்கு அது மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையாகிறது. விவசாயத்துக்கோ உற்பத்திக்கோ விட்டது என்றால் வருஷத்துக்கு வருஷம். பழைய பதினோரு மாதம் மறுபடி பிறப்பதில்லை. பழைய வாடகையும் மற்ற நிபந்தனைகளும் தொடரும், ஆனால் பதினைந்து நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம், அது 106-வது பிரிவு. (விவசாயம், உற்பத்தி என்றால் ஆறு மாத நோட்டீஸ். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் ஷெட்டைக் கடை மாதிரி நினைத்துப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.)

பணம் வாங்கினாலே சம்மதம் ஆகிவிடுமா என்று கேட்டால், எப்போதும் இல்லை. சாந்தி பிரசாத் தேவி வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், வெறுமனே வாடகை வாங்கியது மட்டும் சம்மதம் ஆகாது என்றது. ஆனால் அங்கே புதுப்பிப்பது எப்படி என்று பத்திரத்திலேயே தனி ஷரத்து இருந்தது. நான்கு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கை கூப்பும் ஸ்டிக்கரும் அனுப்பியவர் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆமாம், அந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எதிர்த் தரப்பு ஆவணங்களில் இருந்தது.

அந்த ஆயிரம் ரூபாய் என்ன ஆகும்? எழுதிவிட்டால் கோர்ட்டு அப்படியே வசூலித்துக் கொடுக்கும் என்று யாரும் நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான், அதற்குள் நியாயமானது எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். நியாயம் என்பதைப் பக்கத்துக் கடை வாடகையை வைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். இங்கே பக்கத்துக் கடை 15,000, அதாவது நாளுக்கு 500.

அப்புறம் பூட்டு. காலம் முடிந்தவரானாலும் உள்ளே இருப்பவரைச் சட்டப்படிதான் வெளியேற்ற முடியும். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவில், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், கட்டிடம் யாருடையது என்ற பேச்சையே எடுக்காமல் அனுபோகத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். "என் கட்டிடம்தானேங்க" என்றார். உங்கள் கட்டிடம்தான், அதனால்தான் வாடகை வந்தது என்று சொல்லி, அன்றைக்கே பூட்டை எடுக்கச் சொன்னேன். ஆகஸ்ட் 20 சாயங்காலம் எடுத்தார்.

பிறகு முறையான நோட்டீஸ். ஆகஸ்ட் 25-ல் கைக்குக் கிடைத்தது, செப்டம்பர் 9-ம் தேதியோடு பதினைந்து நாள் முடிந்தது. அவர் அக்டோபர் 31-ல் காலி செய்தார். கணக்கை இரு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து பேசி முடித்தோம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை வாங்கியது வாடகை, அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. ஆகஸ்டும் செப்டம்பர் முதல் ஒன்பது நாளும் பழைய வாடகையில் 15,600. அதில் கடை பூட்டிக் கிடந்த பன்னிரண்டு நாளுக்கு 4,800 கழித்தோம். செப்டம்பர் 10 முதல் 52 நாளுக்கு ஐந்நூறு வீதம் 26,000. ஆக 36,800. அட்வான்ஸில் மீதி 63,200 திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு லட்சத்துக்கு மேலும் வரும் என்று நினைத்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

தயவுசெய்து, காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். புதுப்பிக்கவில்லை என்றால், அதன் பிறகு வரும் பணத்துக்கு அன்றைக்கே பதில் போடுங்கள்: "இது வாடகை இல்லை, நீங்கள் இருக்கும் நாட்களுக்கான உபயோகத் தொகை, அக்ரிமெண்ட் புதுப்பிக்கப்படவில்லை." இதையே பத்திரத்திலும் ஷரத்தாக எழுதி வைத்தால் 116-வது பிரிவு சொல்லும் "மாறாக எழுதிக்கொண்டது" அதுதான். தொகையை வாடகையோடு பொருத்தி, ஒன்றரை மடங்கு மாதிரி, நியாயம் சொல்லக்கூடிய அளவில் வையுங்கள். வாடகைக்காரர்களே, நீங்களும் "அவர்தான் ஒண்ணும் சொல்லலையே" என்று சும்மா இருக்காதீர்கள், பதினைந்து நாளில் சரக்கை எங்கே கொண்டு போவீர்கள்? ஜிபே-யில் எந்த மாதத்து வாடகை என்று குறிப்பாவது எழுதி அனுப்புங்கள்.

போன வாரம் அதே பொள்ளாச்சிக்காரர் வந்தார். மருமகன் கடை எடுக்கவில்லையாம், வேறு ஆள் வருகிறாராம், புது அக்ரிமெண்டைப் பார்த்துக் கொடுங்கள் என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நாள் ஒன்றுக்கு ரூ.1,000.