சென்னை பெரிசு, பாண்டி பக்கம்: கடலூரை எது அதிகம் இழுக்கும்?

கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னை, பாண்டியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பெரிய ஊர். ஆனால் எங்கள் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்தான் ஓயாமல் கிளம்புகிறது. ஊரின் அளவுக்கு மதிப்பே இல்லையா?"

மதிப்பு உண்டு, தூரத்துக்கும் உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதுதான் ஈர்ப்பு மாதிரி. நியூட்டன் விதி பள்ளியில் படித்ததுதான். அதில் நிறைக்குப் பதில் மக்கள்தொகையைப் போட்டால் போதும்:

```
T = k × P₁ × P₂ / d^β
```

T என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே போய்வருபவர்களின் எண்ணிக்கை, P₁, P₂ அவற்றின் மக்கள்தொகை, d தூரம், β தூரத்தின் அடுக்கு, k ஒரு மாறிலி. கோள்களுக்கு β எப்போதும் 2. மனிதர்களுக்கு அப்படி நிலையான எண் கிடையாது. இந்தக் கணக்கின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி புறநகரோடு சேர்த்துச் சென்னையில் சுமார் 87 லட்சம் பேர், புதுச்சேரியில் 6.6 லட்சம் பேர். கடலூரிலிருந்து பாண்டி சுமார் 22 கி.மீ., சென்னை சுமார் 185 கி.மீ. கடலூரின் மக்கள்தொகை இரண்டு பக்கமும் பொது என்பதால் அதை விட்டுவிடலாம். β = 2 என்று வைத்தால் பாண்டியின் இழுப்பு சென்னையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். β = 1 என்று வைத்தால் கதை தலைகீழ்: சென்னை ஒன்றரை மடங்கு முந்துகிறது. β சுமார் 1.2 ஆக இருக்கும்போது இரண்டும் சமம். ஊர்களும் அதேதான், தூரமும் அதேதான். அடுக்கை மட்டும் மாற்றினால் முடிவே மாறிவிடுகிறது.

சரி, β-வை எப்படிக் கண்டுபிடிப்பது? நடத்துனர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினில் ஏறிய இடம், இறங்கும் இடம் எல்லாம் பதிவாகிறது. கடலூரிலிருந்து பாண்டி, பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம், சென்னைக்கு ஒரு மாதத்தில் போனவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணையும் அந்தந்த ஊரின் மக்கள்தொகையால் வகுங்கள். வந்ததற்கும் தூரத்துக்கும் மடக்கை எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தால், வளைந்து இறங்க வேண்டியது கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்கும். அந்தக் கோட்டின் சாய்வுதான் β. தூரம் இரட்டிக்கும்போது பயணிகள் பாதியாகக் குறைந்தால் β = 1, கால்வாசியானால் 2.

எதற்காகப் போகிறோம் என்பதைப் பொறுத்து இந்தச் சாய்வு மாறும். தினமும் வேலைக்குப் போகிறவர் தூரத்தின் விலையைக் காலையும் மாலையும் கட்டுகிறார். அவருக்குக் கோடு செங்குத்தாக விழும். குடிபெயர்கிறவர் ஒரே தடவைதான் கட்டுகிறார், அதனால் கோடு சாய்ந்து படுத்திருக்கும். நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு யான் டின்பெர்கன் 1962-இல் இதே மாதிரியைப் பயன்படுத்தினார். அதன் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளில் β பெரும்பாலும் 1-ஐ ஒட்டியே நிற்கிறது. சாமான்களுக்குத் தினமும் வீடு திரும்பும் அவசரம் இல்லையே!

கோட்டைவிட எனக்குப் பிடித்தது, கோட்டில் உட்காராத புள்ளிகள். பாண்டியின் புள்ளி கோட்டுக்கு மேலே நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஜிப்மருக்கு வருகிற நோயாளிகள் பாண்டியின் மக்கள்தொகையைப் பார்த்தா வருகிறார்கள்? அங்கே நிறை என்பது ஆஸ்பத்திரிதான். அப்புறம் எல்லை. பொதுவாக எல்லை போக்குவரத்தைக் குறைக்கும். கனடா மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிடத் தங்களுக்குள்ளேயே மிக அதிகமாக வணிகம் செய்வதை 1995-இல் ஜான் மெக்கல்லம் காட்டினார். இங்கே எதிர்மாறு: அந்தப் பக்கம் மது விலை குறைவு என்பதால் எல்லையே ஆளை இழுக்கிறது. ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி சும்மாவா இருக்கிறது? சூத்திரத்தில் P₁, P₂ இடம் மாறினாலும் விடை மாறாது. பாட்டில்களோ ஒரே திசையில்தான் வருகின்றன.

இதையெல்லாம் பந்தயமாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல். டிக்கெட் விவரத்தைப் பயணி பெயர் எதுவும் இல்லாமல் மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் செலவு ஒன்றும் ஆகாது. கல்லூரிக்கு ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும்.

d-யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: அது கிலோமீட்டர் மட்டுமல்ல, போகும் வழியும்தான். கடலூரிலிருந்து பாண்டிக்கு ரயிலில் போக விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும், 22 கி.மீ. 80-ஐத் தாண்டிவிடுகிறது. β = 2 என்றால் சுற்றின் காரணமாகவே ரயிலின் இழுப்பு பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். நேர்ப் பாதை வந்தால் ரயில் பயணிகள் 13 மடங்கு ஆவார்கள் என்று உடனே திட்ட அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. அவர்களில் பெரும்பாலோர் இன்று பஸ்ஸில் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். புதிதாகக் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் பஸ்ஸையும் ரயிலையும் சேர்த்து ஒரே d போட்டுக் கணக்கிட வேண்டும்.