ஃப்ளெக்ஸில் 14 படங்கள்: யார் எந்த வகுப்பில் படித்தார்கள்?

பயிற்சி மையங்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். நீட் கலந்தாய்வில் மருத்துவ இடங்கள் ஒதுக்கப்பட்ட வாரத்தில் ஒரு மையம் ஃப்ளெக்ஸ் கேட்டது. 14 மாணவர்களின் படங்கள், மேலே ‘எங்களிடமிருந்து 14 பேருக்கு மருத்துவ இடம்’, கீழே ‘இரண்டாண்டு வகுப்புக்குச் சேர்க்கை, சில இடங்களே உள்ளன’.

சேர்க்கைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 9 பேர் பிளஸ் டூ தேர்வு முடிந்த அப்புறம் டெஸ்ட் பேட்ச்சில் மட்டும் சேர்ந்தவர்கள். 3 பேர் ஓராண்டு படித்த ரிப்பீட்டர்கள். இரண்டாண்டு வகுப்பில் படித்தவர்கள் 2 பேர்தான். மேல்வரியும் உண்மை, கீழ்வரியும் உண்மை. ஆனால் மகள் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு அம்மா இரண்டையும் சேர்த்துப் படித்து, அந்த 14 பேரும் இந்த வகுப்பில்தான் உருவானார்கள் என்று நம்பி, நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுவார்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத்தான் குறிவைக்கின்றன. தேர்ச்சி பெற்றவரின் படத்தைப் போட்டால் பெயர், ரேங்க், படித்த வகுப்பு, அதன் காலம், அது கட்டண வகுப்பா என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டு ஒதுக்கவும் முடியாது.

அதனால் படங்களை மூன்று வரிசையாகப் பிரித்தோம். இரண்டாண்டு வகுப்பின் 2 பேர் முதல் வரிசையில் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே, ‘இந்த வகுப்பில் சேர்ந்தவர்கள் 46, தேர்வு எழுதியவர்கள் 38’ என்று தலைப்பின் அளவிலேயே அச்சிட்டோம். நெறிகள் அதைக் கேட்கவில்லை, நான்தான் வற்புறுத்தினேன். எத்தனை பேரில் இந்த 2 பேர் என்று தெரியாமல் ஒரு பெற்றோரால் எதையும் எடைபோட முடியாது. அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா என்பதையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்த்தோம். இரண்டுக்கும் மதிப்பெண்ணும் கட்டணமும் வெகுவாக வேறுபடும்.

அப்புறம் சம்மதம். சேரும்போதே படிவத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது. முடிவு வந்த பிறகு எழுத்தில் தனியாக வாங்க வேண்டும். ஒரு மாணவி மறுத்தார், படத்தை எடுத்துவிட்டோம்.

‘சில இடங்களே’ என்ற வரியில்தான் உரிமையாளரோடு வாக்குவாதம். உண்மையில் எத்தனை இடம் மீதி என்று கேட்டேன். இன்னொரு செக்‌ஷன் திறக்கும் திட்டம் இருந்தது! இல்லாத அவசரத்தைக் காட்டுவதையும் அந்த நெறிகள் தடுக்கின்றன. பயந்துபோன பெற்றோர் அந்த ஒரு வரிக்காகவே டெமோ வகுப்புகூடப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, சேர்க்கையின் கடைசித் தேதியையும் இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் போட்டோம்.

பெற்றோர்களே, இந்த விவரங்கள் இல்லாத ஃப்ளெக்ஸைப் பார்த்தால் மையத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நீங்கள் என் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லும் வகுப்பில் படித்தவர்கள் இதில் யார்?” பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்ட வேண்டாம். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.