லைசின் கரைசலில் மீட்டர் காட்டும் 5.6 சமமின் புள்ளி அல்ல

நாமக்கல் வட்டாரத்தில் கோழித்தீவன ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு லைசின் என்ற அமினோ அமிலத்தின் மூட்டை புதிதல்ல. மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கைக் குறைத்துக் கணக்குப் போடும்போது அந்தக் குறையை ஈடுகட்ட வாங்கிச் சேர்க்கிறோம். மூட்டையில் வருவது தனி லைசின் அல்ல, லைசின் மோனோஹைட்ரோகுளோரைடு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் குழப்பம் தொடங்குவதே அந்த ஹைட்ரோகுளோரைடில்தான்.

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அந்த வெள்ளைத் தூளை நீரில் கரைத்து பிஎச் மீட்டரை வைப்பார்கள். ஐந்தரைக்குச் சற்று மேலே நிற்கும். “ஏனுங்க சார், அமினோ அமிலத்தைத் தண்ணியில கரைச்சா அதோட சமமின் புள்ளிக்குப் பக்கத்துல நிக்கும்னு படிச்சோமுங்க. அப்ப லைசினுக்கு 5.6 தானுங்களே?” என்று ஒரு மாணவி கேட்டார். “அது கிளைசினுக்குச் சரி அம்மணி, இதுக்கு ஆகாது. முதல்ல மின்சுமையை எழுதிப் பாரு” என்றேன்.

சமமின் புள்ளி என்பது அமினோ அமிலத்தின் நிகர மின்சுமை சுழியாகும் பிஎச். கிளைசினில் புரோட்டானை விடக்கூடிய இடம் இரண்டுதான். ஓர் இடம் பாதியளவு புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்தான் அதன் பிகேஏ. கிளைசினின் பிகேஏ மதிப்புகள் 2.34, 9.60. இரண்டின் சராசரி 5.97. தூய கிளைசினைக் கரைத்தால் மீட்டரும் 6-க்கு அருகில் நிற்கும். பாடம் பெரும்பாலும் கிளைசினை வைத்து நடப்பதால், ‘பிகேஏ-க்களின் சராசரி எடு’ என்பது மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. லைசினுக்கு மூன்று பிகேஏ: கார்பாக்சில் 2.18, ஆல்பா அமினோ 8.95, பக்கச் சங்கிலி நுனியில் உள்ள அமினோ 10.53. இங்கே எந்த இரண்டைச் சராசரி எடுப்பது என்பதுதான் கேள்வியே. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 7.22 என்று எழுதிய விடைத்தாள்களும் உண்டு.

என் வழி எளிது. மிகக் குறைந்த பிஎச்சில் தொடங்க வேண்டும். அங்கே கார்பாக்சில் தொகுதி புரோட்டானோடு இருப்பதால் அதற்குச் சுமை இல்லை. அமினோ தொகுதிகள் இரண்டும் நேர்ச்சுமையோடு நிற்கின்றன. ஆக மொத்தம் +2. பிஎச் ஏற ஏற, பிகேஏ குறைந்த தொகுதிதான் முதலில் புரோட்டானை விடும். 2.18-ஐத் தாண்டியதும் கார்பாக்சில் விடுகிறது, சுமை +1. 8.95-ஐத் தாண்டியதும் ஆல்பா அமினோ விடுகிறது, சுமை 0. 10.53-ஐத் தாண்டினால் கடைசி அமினோவும் விட்டு −1. இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

+2 —(2.18)— +1 —(8.95)— 0 —(10.53)— −1

சுழிக்கு இடப்பக்கம் 8.95, வலப்பக்கம் 10.53. சராசரி எடுக்க வேண்டியது இந்த இரண்டை மட்டும்: (8.95 + 10.53) / 2 = 9.74. அதுதான் லைசினின் சமமின் புள்ளி. 2.18-க்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

அப்படியானால் மீட்டர் காட்டிய 5.6 என்ன? மூட்டைக்குள் இருப்பது +1 சுமையுள்ள லைசின், அதற்கு ஈடாக ஒரு குளோரைடு. தூய உப்பின் எடையில் 19.4 சதவீதம் குளோரைடுதான். தீவனத்தில் உப்புக் கணக்குப் பார்ப்பவர்கள் அதையும் சேர்த்தே எண்ணுவார்கள். இந்த +1 வடிவத்துக்கு இடப்பக்கம் 2.18, வலப்பக்கம் 8.95. இரண்டின் சராசரி 5.57. அதாவது, மீட்டர் காட்டுவது +1 வடிவம் தன்னந்தனியே கரைந்திருக்கும்போது நிலைக்கும் பிஎச். சுழி வடிவத்தின் பிஎச் அல்ல. மோனோசோடியம் குளூட்டமேட்டிலும் இதே பொறி உண்டு. குளூட்டாமிக் அமிலத்தின் பிகேஏ 2.19, 4.25, 9.67. சுழிக்கு இருபுறமும் இருப்பவை முதல் இரண்டு என்பதால் சமமின் புள்ளி 3.22. ஆனால் அந்தச் சோடியம் உப்பைக் கரைத்தால் மீட்டர் 7-ஐ ஒட்டி நிற்கும், ஏனென்றால் கரைந்திருப்பது −1 வடிவம்.

குறிப்பிட்ட பிஎச்சில் எவ்வளவு சுமை என்பதற்கும் அதே வரியே போதும். பிஎச் 7-ஐ எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள பிகேஏ 8.95, இடைவெளி 1.95. பத்தின் 1.95 அடுக்கு ஏறத்தாழ 89. ஆகவே +1 வடிவம் 89 பங்கு இருந்தால் சுழி வடிவம் 1 பங்குதான். சராசரிச் சுமை +0.99. பிஎச் 8.95-இல் அவை இரண்டும் சரிபாதி. −1 வடிவமும் கொஞ்சம் தலைகாட்டுவதால் சுமை +0.48 ஆகிறது. 9.74-இல்கூட எல்லா மூலக்கூறும் சுழியாக இருப்பதில்லை. நூற்றுக்கு முக்கால்வாசி சுழியாக இருக்க, ஏறத்தாழ 12 மூலக்கூறு +1 ஆகவும் இன்னொரு 12 மூலக்கூறு −1 ஆகவும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் நிகரம் சுழி. விடை சரியா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை. 5.57-ஐ வைத்து இதே கணக்கைப் போட்டால் +1.00 வரும், சுழி வராது.

தவறான விடை தாளோடு நின்றுவிடுவதில்லை. தீவன மாதிரியிலிருந்து லைசினைப் பிரிக்க அயனி பரிமாற்றப் பிசின் தேர்ந்தெடுக்கும்போது, ‘சமமின் புள்ளி 5.6, என் பஃபர் 7, எனவே லைசின் எதிர்ச்சுமையோடு இருக்கும்’ என்று எண்ணி எதிரயனிப் பிசினை எடுத்தவர் உண்டு. லைசின் அதில் ஒட்டவே இல்லை, கழுவு நீரிலேயே முழுதும் வெளியேறிவிட்டது. பிஎச் 7-இல் அது நேர்ச்சுமையோடு இருப்பதால் எடுத்திருக்க வேண்டியது நேரயனிப் பிசின். அமினோ அமிலப் பகுப்பாய்வுக் கருவிகளில் வழக்கமாக மாதிரியை 2.2 பிஎச் உள்ள சிட்ரேட் பஃபரில் ஏற்றுவதும் இதனால்தான். அங்கே எல்லா அமினோ அமிலங்களும் நேர்ச்சுமையோடு பிசினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பஃபரின் பிஎச்சை உயர்த்த உயர்த்த அமிலத்தன்மை உள்ளவை முதலில் இறங்கும், லைசின் கடைசிக் கூட்டத்தில் வரும்.

கண்ணால் பார்க்க விரும்பினால் டைட்ரேஷன் செய்யலாம். லைசின் ஹைட்ரோகுளோரைடு 1.83 கிராமைக் கரைத்து 100 மில்லி ஆக்கினால் 0.1 மோலார். அதில் 25 மில்லி எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 12.5 மில்லியில் பிஎச் 8.95-ஐ ஒட்டி வரும், 25 மில்லியில் 9.74-ஐ ஒட்டி வரும். ஆனால் அங்கே கோடு செங்குத்தாக ஏறும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு பிகேஏ-க்களுக்கும் இடையே 1.58 மட்டுமே இருப்பதால் கோடு சாய்வாகவே போகும். முடிவுப் புள்ளியைக் கண்ணால் தேடாமல், சேர்த்த காரத்தின் அளவை வைத்தே குறிக்க வேண்டும். மீட்டரை 7, 10 பஃபர்களில் சரிசெய்யுங்கள், 4-ஐயும் 7-ஐயும் மட்டும் வைத்துச் சரிசெய்தால் இந்த எல்லைக்குப் போதாது. காரக் கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி மதிப்பு கீழிறங்கும்.

எங்கள் ஊர்க் கோடையில் இன்னொன்றும் சேர்கிறது. அட்டவணையில் உள்ள பிகேஏ 25 டிகிரிக்கானது. அமினோ தொகுதியின் பிகேஏ டிகிரிக்கு ஏறத்தாழ 0.02 முதல் 0.03 வரை குறையும். ஏசி இல்லாத அறையில் கரைசல் 35 டிகிரியில் இருந்தால் 9.74-க்குப் பதில் 9.5-ஐ ஒட்டி வருவது இயல்பு. மீட்டரில் உள்ள வெப்பநிலைத் திருத்தம் மின்முனையைத்தான் சரிசெய்யும், லைசினின் பிகேஏ-வை அல்ல. எனவே அந்த 0.2 வித்தியாசத்துக்காக மீட்டரைக் குறைசொல்லாமல், கரைசலின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.