உடம்புக்குப் பத்து, மனசுக்கு ஏழே முக்கால்

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். மகளைக் குளிப்பாட்டும்போது அம்மாவின் கையில் ஏதோ தட்டுப்படுகிறது. இடது மார்புக்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் வலிக்கிறதாம். வலது பக்கம் ஒன்றுமில்லை. மகளுக்கு ஏழே முக்கால் வயது, மூன்றாம் வகுப்பு. அம்மாவின் மனம் நேரே புற்றுநோய்க்குப் போய்விடுகிறது.

மருத்துவர் சொல்வது வேறு. அது மார்பு மொட்டு, பெண் பிள்ளைகளிடம் பூப்பின் முதல் அடையாளம். ஒரு பக்கம் முந்திக்கொள்வது சாதாரணம். மாதவிடாய் வழக்கமாக இதற்கு இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் வரும். வயதுக்கு வருவது என்று நாம் கொண்டாடுவது உண்மையில் இந்தக் கதையின் பிற்பகுதி.

தொடக்கம் மூளையில். ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுவதுபோல ஒரு ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கும். அந்தத் தட்டலைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி விழித்து, சினைப்பையையோ விதைகளையோ எழுப்பும். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும் ஆணுக்கு 9 வயதுக்கு முன்பும் இது தொடங்கினால் சீக்கிரம். பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 தாண்டியும் அறிகுறியே இல்லையென்றால் தாமதம்.

நம் சிறுமியின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பத்து வயதுக்காரியுடையதுபோல இருக்கிறது. இப்போது வகுப்பிலேயே உயரம் அவள்தான். ஆனால் எலும்பின் வளர்முனைகள் சீக்கிரமே மூடிவிடுவதால், பின்னாளில் தோழிகளைவிடக் குள்ளமாக நின்றுவிடலாம். பெண்களில் பெரும்பாலும் இதற்குப் பின்னால் நோய் எதுவும் இருப்பதில்லை. ஆண்களில் காரணம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் மூளை ஸ்கேன் கேட்பார்கள். தேவைப்பட்டால் மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி. அது கதவை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். பிட்யூட்டரி சலித்துப்போய்க் காதை மூடிக்கொள்ளும். ஊசியை நிறுத்தினால் வளர்ச்சி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

உடம்பின் கதை இவ்வளவுதான். சிக்கல் சுற்றியிருப்பவர்களிடம் தொடங்குகிறது. நேற்றுவரை தூக்கிச் சுற்றிய மாமா இன்று தள்ளி நிற்கிறார். பாட்டி, "பெரிய பொண்ணாயிட்ட, ஓடாத" என்கிறார். அழுதால், "இவ்ளோ வளந்துட்டு அழுறியே" என்கிறார்கள். மூளையோ இன்னும் பொம்மைக்கு அழுகிற மூளை. உடம்பு முந்துவதால் பகுத்தறிவும் கூடவே முந்திவிடாது. சீக்கிரம் பருவமடைந்த பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஹார்மோனும் ஒரு காரணம்தான். ஆனால் மற்றவர்கள் அவள் வயதைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்துப் பழகுவதை நான் பெரிய காரணமாக நினைக்கிறேன். தோளைக் குறுக்கி நடப்பது, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதது, விளையாட்டுப் பீரியடில் வயிற்றுவலி என்பது, இவையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லாத புகார்கள்.

அப்படியானால் என்ன பேசுவது? ஏழே முக்கால் வயதுக்கு ஏற்றபடி, கொஞ்சமாக. "உன் மூளையில ஒரு கடிகாரம் இருக்கு. அது எல்லாருக்கும் அடிக்கும், உனக்குச் சீக்கிரமா அடிச்சிருச்சு. நீ எதுவும் தப்பா செய்யல" என்றால் போதும். ஒரே நாளில் உட்காரவைத்து வகுப்பெடுக்க வேண்டாம். துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது என்று துண்டுதுண்டாகப் பேசலாம். மாதவிடாய் வரும்முன்பே ஒரு நாப்கினைப் பிரித்துக் கையில் கொடுங்கள், தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். பள்ளிப்பையில் ஒன்று இருக்கட்டும், வகுப்பு டீச்சருக்கும் தெரிந்திருக்கட்டும். அப்புறம், அத்தையிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேளுங்கள். ஒன்பது வயதுப் பெண்ணின் படத்தை பிளெக்ஸில் போட்டு மஞ்சள் நீராட்டு விழா நடத்துவதற்கு முன்பும் அதே கேள்வியைக் கேட்கலாம். வேண்டாம் என்றால் வீட்டுக்குள்ளேயே உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தால் போயிற்று.

தாமதத்தின் வலி வேறு மாதிரி, பையன்களிடம் அதிகம் தெரியும். பதினான்கரை வயதில் குரல் உடையவில்லை, மீசை இல்லை, கபடி அணியில் யாரும் எடுப்பதில்லை, பட்டப்பெயர் 'பொடி'. இவர்களில் பலருக்கு வெறும் குடும்பவாகுதான். அப்பாவும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். "எல்லாம் வந்துரும்டா" என்ற சமாதானம் அவன் காதில் ஏறாது. அப்பா தன் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை எடுத்து, முன்வரிசையில் பொடியனாக உட்கார்ந்திருக்கும் தன்னைக் காட்டினால் ஏறும். ஆனாலும் 14 தாண்டியிருப்பதால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். விதை 4 மில்லி அளவை எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை அளக்க மணிமாலைபோன்ற கருவி வைத்திருப்பார்கள், சட்டையோடு கால்சட்டையையும் கழற்றச் சொல்வார்கள். இதை முதல் நாளே வீட்டில் சொல்லி, உள்ளே அப்பா கூட இருக்கலாமா வேண்டாமா என்பதை அவனையே முடிவுசெய்யச் சொல்லுங்கள்.