லேயர் டூவிலிருந்து ஈதரை வெளியே எடுக்க ஏன் ஏழு நாள்?

ஈதரியத்தின் மூலச் சங்கிலியான மெயின்நெட்டிலிருந்து, அதன்மேல் இயங்கும் லேயர் டூ சங்கிலியான ஓபி மெயின்நெட்டுக்கு ஈதர் அனுப்பினால் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடும். அதே பிரிட்ஜ் வழியாக அதைத் திரும்ப எடுக்கப் போனால், ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறது திரை. லேயர் டூ வாலட்டில் இருப்பு குறைந்துவிட்டது, மெயின்நெட் வாலட்டிலோ எதுவும் ஏறவில்லை. பணம் நடுவழியில் தொலைந்துவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். தொலையவில்லை. அந்த ஒரு வாரத்தில் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். செய்ய வேண்டிய வேலையைத் தவறவிடாமலும் இருக்கலாம்.

போகும்போது வேகம், வரும்போது தாமதம் என்பதற்குக் காரணம் எளிது. லேயர் டூவை நடத்தும் கணினிகள் எந்நேரமும் மெயின்நெட்டைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. அங்கே நீங்கள் ஈதரைப் பூட்டியது அவற்றுக்கு உடனே தெரியும். அதற்கு ஈடான தொகையை இந்தப் பக்கம் வரவு வைத்துவிடலாம். மெயின்நெட்டுக்கு அப்படி லேயர் டூவைப் படிக்கத் தெரியாது. லேயர் டூவில் நடக்கும் பரிவர்த்தனைகளையெல்லாம் மெயின்நெட்டே மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால், லேயர் டூ என்ற ஒன்றே தேவையில்லையே.

ஆகவே மெயின்நெட்டில் தானாக இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுக்கு யாராவது ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது: "லேயர் டூவின் கணக்கு இப்போது இந்த நிலையில் இருக்கிறது." இப்படிச் சொல்லப்படும் 32 பைட் எண்தான் ஸ்டேட் ரூட். லேயர் டூவில் உள்ள எல்லார் இருப்பையும் சுருக்கிப் பிழிந்த கைரேகை என்று அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒருவர் இருப்பை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து அது சரியா தவறா என்று கான்ட்ராக்ட்டால் சொல்ல முடியாது. ஆப்டிமிஸ்டிக் ரோல்அப் வகை லேயர் டூக்கள் இதற்கு எடுத்த வழி இதுதான்: சொன்னதைச் சரி என்றே வைத்துக்கொள்வோம், தவறென்று காட்ட நினைப்பவருக்கு அவகாசம் கொடுப்போம். அந்த அவகாசமே சவால் காலம். இங்கே சந்தேகிக்கப்படுவது உங்கள் பரிவர்த்தனை அல்ல. அது அடங்கியிருக்கும் ஸ்டேட் ரூட்தான் காத்திருப்பில் வைக்கப்படுகிறது.

ஒருவர் 2 ஈதரை ஓபி மெயின்நெட்டிலிருந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 10 மணிக்கு லேயர் டூவில் முதல் பரிவர்த்தனையைச் செய்கிறார். அங்கே அவர் கணக்கிலிருந்து 2 ஈதர் கழிகிறது. இன்ன முகவரிக்கு 2 ஈதர் வெளியேறுகிறது என்ற பதிவு ஒரு தனி கான்ட்ராக்ட்டில் விழுகிறது. அந்தப் பதிவையும் உள்ளடக்கிய புதிய ஸ்டேட் ரூட் மெயின்நெட்டுக்கு வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அது வந்ததும் பிரிட்ஜ் திரையில் Prove என்ற பொத்தான் உயிர்பெறும். அதை அழுத்துவது மெயின்நெட்டில் நடக்கும் பரிவர்த்தனை. "என் பதிவு இந்த ஸ்டேட் ரூட்டுக்குள் இருக்கிறது, இதோ சான்று" என்று கான்ட்ராக்ட்டிடம் காட்டும் படி அது.

பலர் சறுக்குவது இந்த இடத்தில். ஏழு நாள் கடிகாரம் ஓடத் தொடங்குவது Prove செய்த பிறகுதான். திங்கள் காலை செய்த பரிவர்த்தனையிலிருந்து அல்ல. நம்மவர் பொத்தானைக் கவனிக்காமல் விட்டுவிட்டு புதன் இரவு 9 மணிக்குத்தான் அழுத்துகிறார் என்றால், அடுத்த புதன் இரவு 9 மணிக்கு முன் அவருக்குப் பணம் கிடையாது. அதற்குப் பிறகும் அது தானாக வந்து விழாது. Finalize என்ற மூன்றாவது பரிவர்த்தனையை அவரே மெயின்நெட்டில் செய்ய வேண்டும். சில பிரிட்ஜ் தளங்கள் இதே பொத்தானை Claim என்கின்றன. ஆக இரண்டு முறை மெயின்நெட் கேஸ் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. வைத்திருந்த ஈதர் எல்லாவற்றையும் லேயர் டூவிலேயே விட்டுவிட்டு, மெயின்நெட்டில் கேஸுக்குச் சல்லிக்காசு இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. வெளியேறத் தொடங்கும் முன்பே அங்கே கொஞ்சம் ஈதர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆர்பிட்ரம் என்ற இன்னொரு லேயர் டூவில் நடுவில் வரும் Prove படி கிடையாது. தொடங்கிவிட்டுக் காத்திருந்து, கடைசியில் ஒருமுறை Claim செய்தால் போதும். அங்கே அவகாசம் 45,818 மெயின்நெட் பிளாக்குகள். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு பிளாக்குக்கு 13.2 நொடி என்று கணக்கிட்டால் ஏறக்குறைய சரியாக ஏழு நாள் வரும். 2022 செப்டம்பரில் ஈதரியம் புரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறியபோது பிளாக் இடைவெளி 12 நொடியாகிவிட்டது. எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டதால், ஆர்பிட்ரத்தின் ஒரு வாரம் இப்போது சுமார் 6.4 நாள்.

சரி, யாராவது பொய்யான ஸ்டேட் ரூட்டைப் போட்டால் என்ன ஆகும்? ஒருவன் தன் கணக்கில் இல்லாத 10,000 ஈதரை இருப்பதாகக் காட்டி ஒரு ரூட்டைப் பதிகிறான். லேயர் டூ நோடு ஓட்டும் எவர் கணினியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, எண் பொருந்தவில்லை என்று உடனே கண்டுபிடித்துவிடும். அவர் பிணைத்தொகை கட்டி மெயின்நெட்டில் சவால் விடுகிறார். இரு தரப்பில் யார் சொல்வது சரி என்று கான்ட்ராக்ட்டுக்குத் தெரியாது; முழுக் கணக்கையும் ஓட்டிப் பார்க்கவும் அதற்குத் திராணி இல்லை. அதனால் அது சண்டையைப் பாதி பாதியாகச் சுருக்குகிறது. கணக்கில் 1,000 கோடி படிகள் இருந்தால், 500 கோடியாவது படியில் நிலை என்ன என்று கேட்கும். அதுவரை இருவருக்கும் ஒத்துப்போகிறது என்றால் பிழை பின்பாதியில் இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கும். இப்படி 34 முறை பிரித்தாலே ஒரே ஒரு படி மிஞ்சிவிடும். இரண்டு எண்களைக் கூட்டுவது போன்ற ஒற்றைக் கட்டளை அது. அதை மட்டும் மெயின்நெட்டே ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பொய் சொன்னவனின் பிணைத்தொகை பறிபோகும். அந்த ரூட்டைக் காட்டி யாரும் பணம் எடுக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் அழகே, நேர்மையான ஒருவர் இருந்தால் போதும் என்பதுதான். பெரும்பான்மை தேவையில்லை, ஓட்டெடுப்பு தேவையில்லை. ஆனால் அந்த ஒருவரின் குரல் மெயின்நெட்டில் பதிவாக வேண்டும். நாள் கணக்கில் அவகாசம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

தவறைக் கண்டுபிடிப்பதற்கு ஏழு நாள் தேவையில்லை. அதற்கு நிமிடங்கள் போதும். சண்டை நடத்தவும் அவ்வளவு நாள் பிடிக்காது. பயமெல்லாம், சவால் பரிவர்த்தனைகளைப் பிளாக்கில் ஏறவிடாமல் தடுத்துவிடுவார்களோ என்பதுதான். பெரும் தொகையைத் திருடப் பார்ப்பவன், பிளாக் கட்டுபவர்களுக்கு லஞ்சம் கொடுக்கத் தயங்க மாட்டான். நூற்றுக்கு 99 பேரை அவன் வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 12 நொடிக்கு ஒருவர் என்று முறை மாறிக்கொண்டே இருப்பதால், சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை விலைபோகாத ஒருவர் கைக்குப் பிளாக் வரும். ஓபி மெயின்நெட்டில் ஒரு சண்டை அதிகபட்சம் 73 அடுக்கு ஆழம் போகலாம். பாதி நகர்த்தல்கள் சவால் விடுபவருடையவை என்றால், அத்தனையையும் பதிவுசெய்ய 12 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். சதுரங்கக் கடிகாரம் போல ஒவ்வொரு தரப்புக்கும் அங்கே தரப்பட்டிருப்பது மூன்றரை நாள். தாராளமாகவே போதும்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. தடுப்பவர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து, சவாலைத் தாங்கிய பிளாக்குகளையே ஏற்க மாட்டோம் என்று மறுத்தால் மென்பொருளால் மட்டும் தீர்வு காண முடியாது. மனிதர்கள் கவனித்து, பேசி, புதிய மென்பொருள் வெளியிட்டு, நோடு நடத்துபவர்கள் அதற்கு மாறியாக வேண்டும். உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் நேரத்தை எந்தச் சூத்திரமும் தராது. ஒரு வாரம் என்பது அந்த வகையில் கணித முடிவல்ல, ஒரு மதிப்பீடு. மூன்று நாளாக்கலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்; அந்த வாதத்தை மறுப்பதும் சுலபமில்லை.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனுக்கு முன்பும் ஓபி மெயின்நெட்டில் ஏழு நாள் காத்திருப்பு இருந்தது. ஆனால் வெளியார் யாரும் சவால் விடுவதற்கான கருவி அப்போது அங்கே இல்லை. கேள்வி கேட்கவே முடியாத கேள்வி நேரம்! அந்த ஜூனில்தான் யார் வேண்டுமானாலும் சவால் விடும் முறை வந்தது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், தணிக்கையில் சில ஓட்டைகள் தெரியவர, தற்காலிகமாகப் பழையபடி அனுமதி பெற்றவர்கள் மட்டும் இயங்கும் முறைக்குப் பின்வாங்கினார்கள். செப்டம்பரில் திருத்தி மீண்டும் திறந்தார்கள். அந்தப் பின்வாங்கலின்போது காத்திருப்பில் இருந்தவர்கள் மறுபடி Prove செய்து, மறுபடி ஏழு நாள் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே காத்திருக்கும் நாள்களில் ஓரிரு முறை நிலையை எட்டிப் பார்ப்பது வீண் வேலையல்ல. நீங்கள் சான்று காட்டிய ரூட் சண்டையில் தோற்றுவிட்டாலும் இதே கதிதான்: பணம் போகாது, வேறொரு ரூட்டைக் காட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சண்டை இழுத்தடித்தால் ஏழு நாளைத் தாண்டவும் செய்யலாம்.

அவசரமென்றால் வேறு வழி இருக்கிறது. சில பிரிட்ஜ்களில் பணம் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த ஈதரை மெயின்நெட்டில் உங்களுக்கு நிமிடங்களில் கொடுத்துவிட்டு, லேயர் டூவில் உள்ள உங்கள் ஈதரை எடுத்துக்கொள்வார்கள். அக்ராஸ் அப்படிப்பட்டது. கொடுப்பவர் லேயர் டூ நோடைத் தானே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் அவர் சவால் காலத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை; காத்திருப்பையும் மிச்ச ஆபத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்கிறார். சிறு தொகைக்குப் பெரும்பாலும் இதுவே லாபம். நம்மவர் Prove, Finalize இரண்டுக்கும் கட்டும் மெயின்நெட் கேஸை இந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொகை பெரிதானால் அந்தப் பக்கம் கொடுப்பதற்கு அவ்வளவு ஈதர் இருக்காது, அல்லது கட்டணம் உறுத்தும். ஒரே ஒரு பிரதிதான் உள்ள என்எஃப்டி என்றால் இந்த வழியே இல்லை. அதற்கு ஈடாக இன்னொன்றை யாரும் கையில் வைத்திருக்க முடியாதே.

இந்த வழிகளில் எதுவுமே, ஏற்கெனவே Prove செய்து காத்திருக்கும் பரிவர்த்தனையைச் சுருக்காது. கான்ட்ராக்ட் காத்திருப்பைக் கணக்கிடுவது பிளாக்கின் நேரத்தை வைத்துத்தான். "உங்கள் ஏழு நாளை ஒரு மணி நேரமாக்கித் தருகிறோம்" என்று உதவி மையம்போல யாராவது செய்தி அனுப்பி, வாலட்டின் ரகசியச் சொற்களைக் கேட்டால் அது திருட்டு. அதே சமயம், ஏழு நாள் முடிந்தபின் Finalize செய்ய ஒரு மாதம் தாமதித்தாலும் பணம் காலாவதியாகாது. கேஸ் மலிவாக இருக்கும் நேரம் பார்த்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.