அது அக்குவினாஸ் சொன்னது இல்லை, எதிர்த்தரப்பு சொன்னது

“நம்பிக்கையைத் தேடும் இடத்தில் வாதங்களை ஒதுக்கி வை.” அண்மையில் திருத்த வந்த ஆய்வேடு ஒன்றில் இந்த வரி இருந்தது. சொன்னவர் பெயர் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் என்று போட்டிருந்தது. அடுத்த பத்தியிலேயே முடிவும் வந்துவிட்டது: இடைக்கால இறையியல் கேள்வி கேட்காமல் நம்பச் சொன்னது, பல்கலைக்கழகம் அதற்கு இடம் மட்டும் கொடுத்தது. இதே வரியையும் இதே முடிவையும் திரும்பத் திரும்ப அடித்துத் திருத்தி அலுத்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு வருகிறது.

அந்த வரி அக்குவினாஸின் பெரிய இறையியல் தொகுப்பு நூலான ‘சும்மா தியோலோகியே’யில் இருப்பது உண்மைதான். முதல் பகுதி, 1-ஆம் வினா, 8-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தலைப்பே ஒரு கேள்வி: இறையியல் வாதம் செய்யும் துறையா? அதற்குக் கீழே “இல்லை என்று தோன்றுகிறது” என்று தொடங்கி எதிர்த்தரப்பின் வாதங்கள் வருகின்றன. முதல் வாதமே 4-ஆம் நூற்றாண்டு ஆயர் புனித அம்புரோசின் அந்த மேற்கோள். இரண்டாவது வாதம் இன்னும் கெட்டி: இறையியல் வாதம் செய்தால், ஒன்று பெரியோர் சொல்லை ஆதாரமாகக் காட்ட வேண்டும், அல்லது அறிவைக் காட்ட வேண்டும். ஆதாரங்களிலேயே பலவீனமானது பெரியோர் சொல்தான் என்று தத்துவ அறிஞர் போயேத்தியுஸ் சொல்கிறார். அறிவைக் காட்டினாலோ, அறிவு நிரூபித்துவிட்டதை நம்புவதில் புண்ணியம் இல்லை என்று திருத்தந்தை கிரகோரியார் சொல்கிறார். ஆக எந்த வழியும் சரிப்படாது.

இதுவரை அக்குவினாஸ் தன் கருத்தாக எதுவும் சொல்லவில்லை. அடுத்து “இதற்கு மாறாக” என்று ஒரு வரி வருகிறது. பவுல் தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில், ஆயர் எதிர்த்துப் பேசுகிறவர்களின் தவறை எடுத்துக்காட்ட வேண்டும் என்று இருக்கிறதே என்கிறார். அதற்கும் பிறகு “நான் விடையளிக்கிறேன்” என்று தொடங்கும் இடத்தில்தான் ஆசிரியர் வாய் திறக்கிறார். எந்தத் துறையும் தன் அடிப்படைகளை நிரூபிப்பதில்லை, அவற்றிலிருந்து புறப்பட்டு மற்றவற்றை நிறுவுகிறது. இறையியலும் அப்படியே. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்பதை வைத்துக்கொண்டு எல்லோரும் உயிர்த்தெழுவார்கள் என்று பவுல் வாதிடவில்லையா? எதிராளி விசுவாசத்தில் ஏதாவது ஒன்றையாவது ஒப்புக்கொண்டால் அதிலிருந்து வாதிடலாம். எதையுமே ஒப்புக்கொள்ளாதவரிடம் விசுவாசத்தை நிரூபிக்க முடியாது, ஆனால் அவர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

கடைசியில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் தனித்தனியாகப் பதில். மனிதர் சொல்லை ஆதாரமாகக் கொள்வது பலவீனமானதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இறைவெளிப்பாட்டை ஆதாரமாகக் கொள்வது அப்படியல்ல என்கிறார். “அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது” என்று குருமடங்களில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் வரி இந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. அந்த வரிக்குச் சில பத்திகள் மேலே இருப்பதை எடுத்துவிட்டு ‘வாதமே வேண்டாம் என்றார்’ என்று எழுதினால் என்ன சொல்வது?

சிவஞான சித்தியார் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. பிற சமயத்தார் வாதங்களைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தில், கடவுளை ஏற்காத உலோகாயதன் பேச்சை எடுத்து “அருணந்தி சிவாச்சாரியார் கடவுளை மறுத்தார்” என்று யாராவது எழுதுவார்களா?

சரி, ஏன் இப்படி எழுதினார்கள்? இங்கேதான் பல்கலைக்கழகம் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார் 158 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் திருச்சபைத் தந்தையர் ஆம் என்று சொன்னதையும் இல்லை என்று சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விடை தரவில்லை. முன்னுரையில் வழிமுறை மட்டும் தந்தார்: பிரதியில் பிழை இருக்கிறதா பார், ஆசிரியர் பின்னால் கருத்தை மாற்றிக்கொண்டாரா பார், இருவரும் ஒரே சொல்லை வேறுவேறு பொருளில் ஆள்கிறார்களா பார். பெரியோர் வாக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று ஒப்புக்கொண்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு வழியே இல்லை. எந்தப் பெரியோரை நம்புவது?

அந்த மோதல்களைத் தலைப்புவாரியாக நான்கு நூல்களாக அடுக்கி, பெரும்பாலானவற்றுக்கு ஒரு தீர்வும் சொன்னவர் பீட்டர் லொம்பார்டு. 1220-களில் பாரிசில் ஹேல்ஸ் ஊர் அலெக்சாண்டர் அந்த நூலையே வகுப்பில் பாடமாக நடத்தத் தொடங்கினார். அதுவே பாடநூலாக நிலைத்தது. அதற்கு விரிவுரை நடத்தாமல் யாரும் இறையியல் ஆசிரியராக முடியாது என்று ஆனது. அக்குவினாஸும் 1252 முதல் அதைத்தான் நடத்தினார்.

தகுதி விதிகளையும் பாருங்கள். 1215-இல் பாரிசுக்கு வகுத்த சட்டப்படி இறையியல் ஆசிரியருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், 8 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும். கலைப் பிரிவில் கற்பிக்க 21 வயது போதும். பக்தி இருந்தால் பேசலாம் என்ற நிலை போய், பயிற்சி முடித்து உரிமம் பெற்றவர்தான் பேசலாம் என்ற நிலை வந்தது இப்படித்தான். 1272-இல் கலைப் பிரிவு ஆசிரியர்கள், முழுக்க இறையியல் சார்ந்த கேள்விகளை விவாதிக்க மாட்டோம் என்று தங்கள் விதியிலேயே எழுதிக்கொண்டார்கள். துறைக்கு வேலி போட்டாகிவிட்டது.

அன்று விவாதம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. ஆசிரியர் கேள்வியை வைப்பார், அவையில் இருப்பவர்கள் ஆட்சேபங்களை எழுப்புவார்கள், இளநிலைப் பட்டம் பெற்ற மாணவர் பதில் சொல்லித் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு இன்னொரு நாள் ஆசிரியர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித் தன் தீர்ப்பைச் சொல்வார். ‘சும்மா’வின் ஒவ்வொரு பிரிவும் இந்த இரு அமர்வுகளின் சுருக்க வடிவம். அது நடந்த விவாதத்தின் பதிவு அல்ல, தொடக்க நிலை மாணவருக்காக அக்குவினாஸ் உட்கார்ந்து எழுதியது, அதனால் ஆட்சேபங்களைப் பெரும்பாலும் மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டார். எதிராளியின் வாதத்தைப் பலவீனமாக எழுதினால் அவையில் சிரிப்பார்கள். அதனால்தான் ஆட்சேபங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. நம் ஆட்கள் ஏமாறுவதும் அதனால்தான். கடவுள் இருக்கிறாரா என்ற பிரிவில், தீமை இருக்கிறது, ஆகவே கடவுள் இல்லை என்ற முதல் ஆட்சேபத்தைப் படித்துவிட்டு அக்குவினாஸ் நாத்திகர் என்று ஒருவர் வாதாடியதையும் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, தயவுசெய்து. ஒரு வரியை எடுக்கும் முன் மேலே போய்க் கேள்வியைப் படியுங்கள். “தோன்றுகிறது” என்பதற்குக் கீழே இருந்தால் அதை ஆசிரியர் பெயரில் எழுதாதீர்கள். “ஆட்சேபம் 1-இல் அம்புரோசை மேற்கோள் காட்டுகிறார்” என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. “இதற்கு மாறாக” வரும் வரியும் பெரும்பாலும் அவர் பக்கம் சாயும், ஆனால் எப்போதும் அல்ல. அதையும் அப்படியே எடுக்க வேண்டாம். மேற்கோள் தொகுப்பு இணையப் பக்கங்களிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், அங்கே பிரிவு எண்ணே இருக்காது.

அப்புறம், ‘சும்மா’வின் மூன்றாம் பகுதிக்குப் பின்னால் இணைப்பு என்று ஒன்று வரும். 1273 இறுதியில் அக்குவினாஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார், அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அந்த இணைப்பை, லொம்பார்டு நூலுக்கு அவர் இளமையில் நடத்திய விரிவுரைகளிலிருந்து பிறர் வெட்டி ஒட்டித் தொகுத்தார்கள். அதிலிருந்து எடுத்து “அக்குவினாஸின் முதிர்ந்த கருத்து” என்று எழுதிக் கொண்டுவந்தால், திருப்பித்தான் அனுப்புவேன்.